வட்டி கூடியதும் அப்பா சேமிப்பை நிறுத்திவிட்டார்: பாடநூல் பொய்யா?

காவிரிக்கரை, 9 பிப்ரவரி 2025, காலை 7.10

கல்லூரியில் படிக்கும் மகளின் பொருளியல் குறிப்பேட்டில் ஒரு வரி: "மெய் வட்டி உயர்ந்தால் மக்கள் இன்றைய நுகர்வைக் குறைத்து, சேமிப்பைக் கூட்டுவார்கள்." மெய் வட்டி என்றால் விலைவாசி உயர்வைக் கழித்தபின் மிஞ்சும் வட்டியாம். என் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். 2020 அக்டோபரில் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டார். அப்போது வட்டி 7.4 சதவீதம். காலாண்டுக்கு 27,750 ரூபாய் வந்தது. அதில் மாதம் ஆயிரம் ரூபாயைத் தொடர் வைப்பில் கட்டிக்கொண்டிருந்தார். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 ஆனது. பழைய கணக்குக்குப் பழைய வட்டிதான் என்பதால், அசலில் 1 சதவீதம் அபராதமாக 15,000 ரூபாய் போனாலும் பரவாயில்லை என்று கணக்கை முடித்து, கைப்பணத்தையும் சேர்த்து மறுபடி 15 லட்சமாகப் போட்டார். காலாண்டுக்கு 30,750 வரத் தொடங்கியது.

அடுத்து என்ன செய்தார் தெரியுமா? தொடர் வைப்பை நிறுத்தினார். "வட்டியே கூடிவிட்டதே, இனி அது எதற்கு" என்றார். காலையில் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கினார். கோவிலுக்கு பஸ்ஸில் போனவர் ஆட்டோவில் போகிறார். பாடநூல் எழுதியவர் என் அப்பாவைச் சந்தித்ததில்லை என்று நினைக்கிறேன்.

தென்றல்72, 9 பிப்ரவரி, காலை 8.02

8.2 இன்னும் கொடுக்கிறார்களா? என் அம்மாவுக்கு 58 வயது. எந்த அஞ்சலகத்தில் கேட்க வேண்டும்?

காவிரிக்கரை, 9 பிப்ரவரி, காலை 8.15

கொடுக்கிறார்கள். 60 வயதாக வேண்டும். பணி ஓய்வு பெற்றவர் என்றால் 55 முதல் சேரலாம். எந்த அஞ்சலகத்திலும் கேளுங்கள். ஆனால் நான் கேட்டது அதுவல்ல.

கரும்பலகை, 9 பிப்ரவரி, மாலை 5.40

முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். உங்கள் அப்பா பாடநூலுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. உங்கள் மகளின் குறிப்பேட்டில்தான் பாதிப் பாடம் விடுபட்டிருக்கிறது.

வட்டி என்பதை நாளைய சாப்பாட்டின் விலையாகப் பாருங்கள். விலைவாசி உயர்வைக் கழித்தபின் வட்டி பூஜ்யம் என்றால், பத்து வருடம் கழித்து ஒரு சாப்பாடு வேண்டுமானால் இன்று ஒரு சாப்பாட்டை விட வேண்டும். அதே வட்டி ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால், பத்து வருடத்தில் 100 ரூபாய் ஏறத்தாழ 134 ஆகிறது. இன்று முக்கால் சாப்பாட்டை விட்டால் போதும், அன்று முழுச் சாப்பாடு கிடைக்கும். நாளைய சாப்பாடு மலிந்துவிட்டது. மலிந்ததை மனிதர் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள், அதற்காக இன்றைய செலவைக் குறைப்பார்கள். இது ஒரு இழுப்பு. பதிலீட்டு விளைவு என்று சொல்லித் தருவோம்.

இன்னொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும். ஏற்கெனவே பணத்தைப் போட்டு வைத்தவருக்கு வட்டி கூடினால் அவர் பணக்காரர் ஆகிவிடுகிறார். பணக்காரர் ஆனவர் நாளைக்கு மட்டும் ஏன் நன்றாகச் சாப்பிட வேண்டும்? இன்றும் அரை லிட்டர் பால் கூட வாங்குவார். இது வருமான விளைவு. உங்கள் அப்பாவுக்குச் சொத்து முழுவதும் ஏற்கெனவே போட்ட டெபாசிட்தான், இனி சம்பாதிக்கப் போவதும் இல்லை. அவரிடம் இரண்டாவது இழுப்பு ஓங்கியிருப்பதில் வியப்பில்லை.

காவிரிக்கரை, 9 பிப்ரவரி, இரவு 9.30

ஐயா, இது எனக்கு நழுவல் பதிலாகத் தெரிகிறது. கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி என்றால் அது என்ன கோட்பாடு? ஜோசியரும் இப்படித்தான் சொல்வார்.

நூல்கண்டு, 10 பிப்ரவரி, காலை 11.20

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் கதையும் காவிரிக்கரை அண்ணன் வீட்டுக் கதைதான். மகள் படிப்புக்குப் பத்து வருடத்தில் 10 லட்சம் வேண்டும். 6 சதவீத வட்டி என்றால் மாதம் 6,102 ரூபாய் கட்ட வேண்டும். 8 சதவீதம் கிடைத்தால் 5,466 போதும். வட்டி கூடினால் நான் மாதம் 636 ரூபாய் குறைவாகத்தான் கட்டுவேன். அதை வைத்துக் குழந்தைக்குப் பழம் வாங்கலாமே. இதில் தவறு என்ன?

கணக்கன், 10 பிப்ரவரி, பிற்பகல் 1.05

தவறு ஒன்று இருக்கிறது அக்கா, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. 10 லட்சம் என்ற இலக்கை நீங்கள் கல்லில் பொறித்துவிட்டீர்கள். கல்லூரிக் கட்டணம் அங்கேயே நிற்காது. வட்டி 6இலிருந்து 8 ஆனது விலைவாசியும் 2 சதவீதம் கூடியதால்தான் என்றால், பத்து வருடம் கழித்து உங்களுக்கு வேண்டியது 10 லட்சம் அல்ல, ஏறத்தாழ 12 லட்சம். அந்த வருடம் நீங்கள் 636 ரூபாயைக் குறைத்திருந்தால் பழம் இனிக்கும், கல்லூரி வாசலில் கசக்கும். விலைவாசி அப்படியே இருக்க வட்டி மட்டும் கூடினால் உங்கள் கணக்கு சரி. அப்போது இலக்கில் ஒரு ரூபாயும் கூட்டிக்குறைக்க மாட்டேன் என்ற உங்கள் பிடிவாதம்தான் சேமிப்பைக் குறைக்கிறது. நாளையது மலிந்ததே, 11 லட்சத்துக்குக் கட்டுவோம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை, கவனித்தீர்களா?

நூல்கண்டு, 10 பிப்ரவரி, பிற்பகல் 1.30

தோன்றவில்லைதான். கல்லூரியில் 11 லட்சத்துக்கு இன்னொரு பட்டமா கொடுப்பார்கள்?

கரும்பலகை, 10 பிப்ரவரி, மாலை 6.15

இது நல்ல பதில். நான் வகுப்பில் சொன்ன எந்த எடுத்துக்காட்டையும் விட நன்று. நாளைய தேவை ஒரே அளவாக இறுகிவிட்டால் முதல் இழுப்புக்கு வேலையே இல்லை.

நேர்வழி, 11 பிப்ரவரி, காலை 6.50

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? வட்டியைக் கூட்டினால் மக்கள் சேமிப்பார்கள், அதற்காகத்தான் ரிசர்வ் வங்கி கூட்டுகிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 4இலிருந்து 6.5க்குக் கொண்டுபோனார்கள். சேமிப்பு பெருகியது. முடிந்தது கதை.

கணக்கன், 11 பிப்ரவரி, காலை 9.40

முடியவில்லை. அந்த 2022-23இல்தான் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வாங்கிய கடனைக் கழித்தபின் மிஞ்சுவது, நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டிச் சரிந்து, பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு என்று தலைப்புச் செய்தி ஆனது. கடன் வாங்கியது கூடியது அதற்குப் பெரிய காரணம்.

ஆனால் இதை வைத்துக் கோட்பாடு செத்தது என்றும் சொல்ல மாட்டேன். அந்த நிதியாண்டின் சராசரிச் சில்லறைப் பணவீக்கம் 6.7 சதவீதம். வங்கி டெபாசிட்டில் வந்த வட்டியை அது ஏறக்குறைய விழுங்கிவிட்டது. ரெப்போ ஏறியது உண்மை, சேமிப்பவர் கையில் மெய் வட்டி ஏறியதா என்பது வேறு கேள்வி.

நேர்வழி, 11 பிப்ரவரி, காலை 9.55

புள்ளிவிவரத்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

காவிரிக்கரை, 12 பிப்ரவரி, இரவு 11.20

உறக்கம் வரவில்லை. என் முதல் பதிவை மறுபடி படித்தேன். அப்பாவைப் பற்றி எழுதினேன், என்னைப் பற்றி எழுதவில்லை.

எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, மாறும் வட்டி. 2022இல் வட்டி ஏறியபோது வங்கி என் மாதத் தவணையைத் தொடவில்லை. ஆண்டுகளை நீட்டிவிட்டது. ஒரு வருடம் அதைக் கவனிக்கவே இல்லை. அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது 58 வயதில் முடிய வேண்டிய கடன் 63 வரை போயிருந்தது. அன்று மாலையே மனைவியும் நானும் உட்கார்ந்து, அந்த வருட ஊட்டிப் பயணத்தை நிறுத்தினோம், பைக்கை மாற்றும் யோசனையைக் கைவிட்டோம். மிச்சம் பிடித்ததைக் கடன் அசலில் கட்டினோம். இதை நான் சேமிப்பு என்று எண்ணியதே இல்லை. பாஸ்புத்தகத்தில் எதுவும் ஏறவில்லையே.

ஆக ஒரே வீட்டில், ஒரே வட்டி உயர்வுக்கு, மாடியில் இருப்பவர் ஆட்டோவில் போனார், கீழே இருப்பவன் ஊட்டிக்குப் போகவில்லை.

கரும்பலகை, 13 பிப்ரவரி, காலை 7.30

அது சேமிப்புதான். வருமானத்தில் நுகராமல் விட்டது எல்லாமே சேமிப்பு, அது டெபாசிட்டாகப் போனாலும் கடனை அடைக்கப் போனாலும்.

முன்பு ஜோசியர் என்றீர்கள் அல்லவா, அதற்கு இதுதான் பதில். கடன்பட்டவரிடம் இரண்டு இழுப்பும் ஒரே திசையில்தான் இழுக்கும். நாளையது மலிகிறது, அவரோ ஏழையாகிறார். இரண்டுமே இன்றைய செலவைக் குறைக்கச் சொல்கின்றன. அங்கே கோட்பாடு தெளிவாக ஒரு பக்கம் நிற்கிறது. குழப்பம் பணம் போட்டு வைத்தவரிடம் மட்டும்தான்.

கணக்கன், 14 பிப்ரவரி, இரவு 10.10

ஐயா சொன்னதற்கு எண் போட்டுப் பார்த்தேன். எளிமைக்காக வாழ்க்கையை இரண்டு பருவமாக்கினேன், இடையில் பத்து வருடம். மெய் வட்டி பூஜ்யத்திலிருந்து 3 சதவீதமாகிறது, அதாவது இன்றைய 100 அன்று 134. மூன்று பேர். மூவருக்கும் இரண்டு பருவ வருமானத்தைக் கூட்டினால் 100. வட்டி இல்லாதபோது மூவருமே இன்று 50, நாளை 50 செலவழிக்கிறார்கள்.

முதலாமவர் முழு 100ஐயும் இன்றே சம்பாதிக்கிறார், நாளை ஒன்றுமில்லை. இன்று 50 சேமிக்கிறார். வட்டி வந்ததும் என்ன செய்வார் என்பது அவர் மனம் எவ்வளவு வளையும், அதாவது மலிந்த நாளைக்காக இன்றைய செலவை எவ்வளவு விட்டுக்கொடுப்பார் என்பதைப் பொறுத்தது. இன்றைக்கும் நாளைக்கும் போகும் பணத்தின் பங்கு மாறாத அளவுக்கு வளைபவர் என்றால் சேமிப்பு அதே 50, இரண்டு இழுப்பும் சரிக்குச் சரி. அதில் பாதிதான் வளைவார் என்றால் சேமிப்பு 46 ஆகக் குறைகிறது. காவிரிக்கரையின் அப்பா இவர்தான்.

இரண்டாமவர் இன்று 60, நாளை 40 சம்பாதிக்கிறார். வட்டி இல்லாதபோது 10 சேமித்தார். அதே முதல் வகை மனம் என்றால் இப்போது 15 சேமிக்கிறார். பாதி மட்டுமே வளைபவராக இருந்தாலும் கிட்டத்தட்ட 12. குறையவில்லை! கொஞ்சமும் வளையாத நூல்கண்டு அக்கா போன்றவர் மட்டும் 8.5க்கு இறங்குகிறார்.

மூன்றாமவர் இன்று 40, நாளை 60. முன்பு 10 கடன் வாங்கினார். முதல் வகை மனம் என்றால் இப்போது 2.3 தான் வாங்குகிறார். துளியும் வளையாதவராக இருந்தாலும் 8.5க்குக் குறைக்கிறார்.

எனக்கு வியப்பு இரண்டாமவரிடம். முதலாமவரிடம் சேமிப்பைக் குறைத்த அதே பாதி மனம், இவரிடம் ஏன் கூட்டுகிறது?

கரும்பலகை, 15 பிப்ரவரி, காலை 6.45

நாளைய சம்பளத்தைப் பாருங்கள். பத்து வருடம் கழித்து வரும் 40, வட்டி இல்லாத உலகில் இன்றைய மதிப்பிலும் 40. 3 சதவீத உலகில் அது 30க்குச் சற்றுக் குறைவு. அந்தச் சம்பளத்தை நம்பி இன்று செலவழித்தவர், தன் கையிருப்பு மொத்தமாகச் சுருங்கியதை உணர்கிறார். வட்டி கூடியதால் கொஞ்சம் பணக்காரர் ஆனதை இது பெருமளவு அடித்துவிடுகிறது.

பழைய பாடங்களில் இரண்டு இழுப்பை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். நானும் பல வருடம் விட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். 1981இல் பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: உழைக்கும் வயதினருக்கு வரப்போகும் சம்பளத்தின் இன்றைய மதிப்பு சுருங்குவதைக் கணக்கில் எடுத்தால், வட்டிக்குச் சேமிப்பு காட்டும் எதிர்வினை மிகப் பெரிதாகிறது. மகளுடைய குறிப்பேட்டு வரிக்கு வலு அங்கிருந்துதான் வருகிறது. இளையவர்களை மனத்தில் வைத்து எழுதிய வரி அது.

காவிரிக்கரை, 15 பிப்ரவரி, காலை 8.00

மகளிடம் காட்டினேன். "அப்படியென்றால் தாத்தா தேர்வில் விதிவிலக்கா?" என்றாள். தாத்தா மாடியிலிருந்து, "நான் எந்தத் தேர்விலும் விதிவிலக்கு இல்லை, 1964இல் பள்ளியில் முதல் மாணவன்" என்றார்.

தென்றல்72, 15 பிப்ரவரி, காலை 10.30

அம்மாவுக்கு 60 ஆகும்வரை காத்திருப்பதா, தங்கம் வாங்கி வைப்பதா? யாராவது நேராகச் சொல்லுங்கள்.

நூல்கண்டு, 15 பிப்ரவரி, பிற்பகல் 2.10

சீட்டில் போடச் சொல்லுங்கள். அல்லது வேண்டாம், நான் ஒருமுறை போட்டு இழந்திருக்கிறேன்.

கணக்கன், 17 பிப்ரவரி, இரவு 9.15

ஐயா, சம்மர்ஸை ஏற்பதற்குமுன் ஒரு முட்டுக்கட்டை. 1988இல் பொருளியலாளர் ராபர்ட் ஹால் அமெரிக்கத் தரவுகளைப் பார்த்து, மக்களின் மனம் வட்டிக்கு ஏற்ப வளைவது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்றார். அப்படியானால் எல்லோரும் நூல்கண்டு அக்காதான். என் கணக்கில் இரண்டாமவரும் சேமிப்பைக் குறைத்துவிடுவார்.

கரும்பலகை, 18 பிப்ரவரி, காலை 7.05

ஹால் சொன்னதை எதிர்த்துப் பின்னால் பலர் எழுதினார்கள். பங்கும் பத்திரமும் வைத்திருப்பவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் வளைவு கூடுதலாகத் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாதவரிடம் வட்டியைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? அவர் வளையவும் மாட்டார், வளையாமலும் இருக்க மாட்டார், சம்பளம் வந்த அன்று செலவழிப்பார். அவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பூஜ்யம் பக்கம்தான் வரும்.

எது சரி என்று என்னைக் கேட்டால், கொஞ்சமும் வளையாததைப் பூஜ்யம் என்றும் பங்கு மாறாத உங்கள் முதல் வகை மனத்தை ஒன்று என்றும் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் எங்கோ. உங்கள் "பாதி மனம்" மோசமான ஊகம் இல்லை. அப்படியானால் உழைப்பவர் கொஞ்சம் கூட்டுவார், ஓய்வுபெற்றவர் கொஞ்சம் குறைப்பார், கடனாளி கட்டாயம் கையைச் சுருக்குவார். கூட்டிப் பார்த்தால் மொத்தம் சிறிதளவு ஏறும். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

நேர்வழி, 18 பிப்ரவரி, காலை 7.40

ஏறும் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

காவிரிக்கரை, 14 ஜூன் 2025, இரவு 8.50

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். வீட்டில் ஒரு புது நிகழ்வு.

அப்பாவிடம் வங்கி டெபாசிட் ஒன்றும் இருந்தது. ஏழரை சதவீதம். இந்த வாரம் முதிர்ந்தது, ஆறே முக்காலுக்குப் புதுப்பித்தார்கள். பிப்ரவரியிலிருந்து ரெப்போவை 6.5இலிருந்து 5.5க்கு இறக்கிவிட்டார்களே, அதன் விளைவு. அப்பா முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே அஞ்சலகம் போய் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தொடர் வைப்பைத் திறந்துவிட்டார். "வட்டி குறைந்தால் நான்தான் கூடப் போட்டு ஈடுகட்ட வேண்டும்" என்கிறார். ஆட்டோ நின்றுவிட்டது, மறுபடி பஸ். முழுதும் வருமான விளைவு மனிதர் என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

காவிரிக்கரை, 14 ஜூன், இரவு 9.35

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். அனுப்பிய பிறகு கணக்கன் சொன்ன பழைய பாடம் நினைவுக்கு வந்து, பணவீக்கத்தைப் பார்த்தேன். ஜனவரியில் 4.3 சதவீதம். மே மாதம் 2.8. அப்படியென்றால் அப்பாவின் டெபாசிட்டில் மெய் வட்டி 3.2ஆக இருந்தது, இப்போது ஏறத்தாழ 4. குறையவில்லை, கூடியிருக்கிறது!

அப்போது அப்பா வருமான விளைவு மனிதரா, இல்லையா? மெய் வட்டி கூடியிருக்கிறது, அவரும் சேமிப்பைக் கூட்டியிருக்கிறார். குறிப்பேட்டு வரி அப்படியே பலித்துவிட்டது, ஆனால் அவர் அதற்கு நேர்மாறான காரணத்தைச் சொல்கிறார்.

கணக்கன், 14 ஜூன், இரவு 10.20

முடிவெடுக்குமுன் ஒன்று: மெய் வட்டிக்கு வேண்டியது கடந்த மாதத்துப் பணவீக்கம் அல்ல, டெபாசிட் ஓடும் காலத்தில் வரப்போகும் பணவீக்கம். இந்த 2.8இல் காய்கறி விலைச் சரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அது திரும்பினால் உங்கள் 4 கரைந்துவிடும். அப்பா மனத்தில் அடுத்த வருட விலைவாசி எவ்வளவு என்று தெரியாமல் அவர் எந்த வட்டிக்கு எதிர்வினை காட்டினார் என்று சொல்ல முடியாது.

கரும்பலகை, 15 ஜூன், காலை 6.30

கேட்டுப் பாருங்கள். "அடுத்த வருடம் தக்காளி கிலோ என்ன விலை விற்கும் என்று நினைக்கிறீர்கள்" என்று கேளுங்கள். பணவீக்கம் என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

காவிரிக்கரை, 15 ஜூன், காலை 9.10

கேட்டேன். "இப்போது 30 ரூபாய், அடுத்த வருடம் 80 ஆனாலும் ஆகும், இவர்களை நம்ப முடியாது" என்றார். அதாவது அவர் கணக்கில் மெய் வட்டி பாதாளத்தில் இருக்கிறது.

நூல்கண்டு, 15 ஜூன், காலை 9.45

எங்கள் பக்கம் இன்று தக்காளி 22 ரூபாய், அண்ணா. அப்பாவை ஒருமுறை திருப்பூருக்கு அனுப்பி வையுங்கள்.